எட்டு டம்ளருக்கு எத்தனை

இருபத்திரண்டு வருஷமாகச் சோறு வடித்தவளிடம் போய், "தண்ணி எவ்வளவு வைப்பீங்க?" என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? "நிறைய" என்பாள். பெரியக்காவும் அதைத்தான் சொன்னாள்.

வேலை பார்க்கும் பெண்கள் முப்பத்திரண்டு பேர் தங்கியிருக்கும் விடுதி அது. கட்டிடத்தின் நாலாம் மாடியில் சமையலறை. அதில் பெரியக்கா சமையல். காய் நறுக்க, பாத்திரம் கழுவ, வாய் ஓயாமல் பேச அவளுடைய நாத்தனார். பெரியக்காவின் புருஷன் முதுகெலும்பில் அடிபட்டு மூன்று வருஷமாக வீட்டோடு கிடக்கிறார். நாத்தனாருக்குப் புருஷன் என்று ஒருவன் இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று அவளுக்கே தெரியாது. ஆக, இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது இந்த ஒரு அடுப்பை நம்பித்தான்.

வினை எங்கிருந்து வந்தது என்றால், கழிவு நீர்க் குழாயிலிருந்து. வடித்த கஞ்சியைத் தினமும் தொட்டியில் ஊற்றி ஊற்றி, அது குழாய்க்குள் பசையாகப் படிந்து, ஒரே மாதத்தில் மூன்று தடவை அடைத்துக்கொண்டது. மூன்றாம் தடவை வந்த பிளம்பர், கையில் வழிந்த கொழகொழப்பைக் காட்டி, "இன்னொரு வாட்டி கஞ்சி ஊத்தினீங்கன்னா செவுத்தை உடைச்சுத்தான் பைப்பை எடுக்கணும்" என்று கையை விரித்துவிட்டார். வாளியில் பிடித்துக் கீழே கொண்டுபோய் ஊற்றுகிறேன் என்றாள் பெரியக்கா. ஊற்றவும் செய்தாள், ஒரு நாள். இரண்டாம் நாள் படியில் கஞ்சி தளும்பி, மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி வழுக்கி உட்கார்ந்தாள். வார்டன் அம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். இனி வடிக்கிற கதையே கிடையாது. பதினாறு லிட்டர் குக்கர் இரண்டு வந்து இறங்கின.

கூடவே கமிட்டியிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது. விடுதியை நடத்துகிற கமிட்டிக்கு, சமையலறையையே மூடிவிட்டு வெளியிலிருந்து பொட்டலச் சாப்பாடு வாங்கிவிடலாம் என்று ரொம்ப நாளாக ஒரு யோசனை. வார்டன் அம்மா கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் தவணை வாங்கியிருந்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் கமிட்டியில ரெண்டு பேர் வந்து சாப்பிடுவாங்க. சோறு சரியா இருந்தா நீங்க இருக்கீங்க. இல்லன்னா, என் கையில ஒண்ணும் இல்ல பெரியக்கா."

"குக்கர் என்னம்மா பெரிய குக்கர், அதுவும் ஒரு பாத்திரம்தானே" என்றாள் பெரியக்கா. வாய்தான் அப்படிச் சொல்லிற்று. அவள் வீட்டிலும் குக்கர் கிடையாது. அவள் கைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கொதிக்கிற தண்ணீரில் அரிசியைப் போடுவது, கரண்டியில் நாலு பருக்கையை அள்ளி விரலால் நசுக்குவது, பதம் வந்தால் வடித்துவிடுவது. பச்சரிசியா, சீக்கிரம் வேகும், சீக்கிரம் வடி. புழுங்கலா, இன்னும் கொஞ்சம் நில். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் மிச்சமெல்லாம் கஞ்சியாகப் போய்விடும். அவளுக்கு அளவு எதற்கு?

குக்கரில் எட்டிப் பார்க்க முடியாது, நசுக்கிப் பார்க்க முடியாது, கூடிப்போனதை வடிக்கவும் முடியாது. உள்ளே ஊற்றியது ஊற்றியதுதான். தாலி கட்டியது மாதிரி.

திங்கட்கிழமை அவள் அரிசிக்கு மேலே ஒரு கை உயரம் தண்ணீர் ஊற்றினாள். குக்கர் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில், அரிசி பொங்கும், அதனால் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது என்று போட்டிருந்தது. அதை யார் படித்தார்கள்? வெயிட் வழியாக நுரை பீறிட்டு அடித்து, சுவர், ஜன்னல், நாத்தனாரின் புடவை எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டது. உள்ளே இருந்தது சோறு இல்லை, பசை.

"அண்ணி, இதை வச்சு சுவரொட்டி ஒட்டலாம்" என்றாள் நாத்தனார்.

"வாயை மூடிட்டுத் துடைடி."

சாப்பாட்டு அறையில் ஓர் ஆணியில் புகார் நோட்டு தொங்கும். அதில் எழுதுகிறவள் முப்பத்திரண்டு பேரில் ஒருத்திதான். மாத்திரை தயாரிக்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. மாத்திரை எத்தனை பலத்தில் உடைகிறது, எத்தனை நிமிஷத்தில் கரைகிறது என்று காலை முதல் சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, இங்கே வந்து சோற்றுப் பருக்கையையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பாள். சிரிக்க மாட்டாள். மத்தியானச் சாப்பாட்டை டப்பாவில் வாங்கிக்கொண்டு போவாள். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக நோட்டில் எழுதுவாள். நாத்தனார் அவளுக்கு வைத்திருந்த பெயர் புகார்ப் பெட்டி.

மறுநாள் காலையில் வார்டன் அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். "'சோறு உருத்தெரியாமல் குழைந்திருந்தது.' எழுதிட்டாங்க பெரியக்கா. கமிட்டி இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க."

"எங்க வீட்ல ஒண்ணுக்கு மூணு வைப்பேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "ஒரு டம்ளர் புழுங்கலரிசி, மூணு டம்ளர் தண்ணி. மல்லிப்பூ மாதிரி இருக்கும்."

நாத்தனார் வீட்டுச் சோற்றைப் பெரியக்கா சாப்பிட்டிருக்கிறாள். பொய் இல்லை, நன்றாகத்தான் இருக்கும். இந்த முறை புத்தகத்தையும் விரித்தார்கள். அதிலும் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் கணக்குதான் இருந்தது. ஆனால் அடுப்புக் கணக்கு கிடைத்தது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, புழுங்கலுக்குக் கால் மணி நேரம், பச்சரிசிக்கு அதில் பாதி. பிறகு அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை தொடக்கூடாது. அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஒரு குக்கரில் எட்டு டம்ளர் புழுங்கல், இன்னொன்றில் எட்டு டம்ளர் பச்சரிசி. விடுதியில் பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது. புகார்ப் பெட்டி மட்டும் டப்பாவில் இரண்டிலும் பாதிப் பாதி வாங்கிக்கொண்டு போவாள். எட்டுக்கு மூன்று மடங்கு இருபத்திநாலு. ஊற்றும்போது எண்ணிக்கை தவறிவிடும் என்று பயந்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் டம்ளருக்கு ஒரு கோடு பென்சிலால் போட்டாள். இருபத்திநாலு கோடு. இரண்டு குக்கருக்கும் அதே இருபத்திநாலு. அரிசி அரிசிதானே!

இந்தத் தப்பை வடிக்கிறவள் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். அவள் கையில் இத்தனை வருஷமும் இரண்டு அரிசிக்கும் வித்தியாசம் நேரத்தில் மட்டும்தான் இருந்தது. நேரத்தை மாற்றினாள். தண்ணீரை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய் குழைந்தது. புதன்கிழமை கோபத்தில் பதினாறாகக் குறைத்தாள். அன்றைக்குப் புழுங்கல் அரிசி பல்லில் நறுக்கென்றது, அடியில் தீய்ந்தும் போனது. வியாழன் பதினெட்டு. வெள்ளி, பயந்துபோய் மறுபடி இருபத்திரண்டு. ஒவ்வொரு காலையும் வார்டன் அம்மா நோட்டோடு வந்து நிற்பார். "'பத்துப் பருக்கையில் ஏழில் விதை.'" "'பத்தில் மூன்றில் விதை.'" பருக்கைக்கு நடுவில் வேகாமல் நிற்கிற வெள்ளைப் புள்ளியைத்தான் விதை என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு மத்தியானமும் தட்டுகள் பாதிச் சோற்றோடு திரும்பி வரும். குப்பைத் தொட்டியில் சோறு விழுகிற சத்தம் கேட்டால் பெரியக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டில் புருஷன், "எப்படிப் போகுது?" என்று கேட்டால், "போகுது" என்பாள்.

வெள்ளிக்கிழமைச் சோறும் ஒட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகை இல்லை, கோபம். மூன்று மணிக்குச் சாப்பாட்டு அறைக்குப் போய் ஆணியிலிருந்து நோட்டைப் பிடுங்கினாள்.

"என்ன அண்ணி பண்ணப் போறீங்க?"

"அவ வரட்டும். இதை அவ மூஞ்சிக்கு நேரா வச்சுக் கேக்கறேன். இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட கையி, இதை வேலையை விட்டுத் துரத்தறதுல உனக்கு என்னடி சந்தோஷம்னு."

"அதுக்கு முன்னால என்ன எழுதியிருக்கான்னு படிங்க. சண்டை போட விஷயம் வேணாமா?"

நியாயமான பேச்சு. பெரியக்கா நோட்டோடு அடுப்புப் பக்கம் வந்து, முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய். "புழுங்கல்: கரண்டி நடுவில் நிற்கிறது. பருக்கை தனியாக இல்லை. பச்சரிசி: பசை."

புதன். "புழுங்கல்: பத்துப் பருக்கையில் ஏழில் விதை. அடியில் தீய்ந்த வாசனை. பச்சரிசி: உதிரி, மென்மை. மிகச் சரி."

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். மிகச் சரி. இதை வார்டன் அம்மா வாசிக்கவே இல்லையே! பாவம், அவரும் பயந்தவர். கண்ணுக்குக் கெட்டது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

வியாழன். "புழுங்கல்: பத்தில் மூன்றில் விதை. நேற்றைவிட நல்லது. பச்சரிசி: கொஞ்சம் குழைவு, சாப்பிடலாம்."

வெள்ளிக்கு இன்னும் எழுதவில்லை. அதை எழுத வேண்டியதும் இல்லை, குக்கரிலேயே தெரிந்தது. புழுங்கல் வாய் பிளந்து ஒட்டியது, பச்சரிசி களியாகிவிட்டது.

அவள் தலையைத் தூக்கினாள். எதிரே சுவரில் அவளே போட்ட கோடுகள். செவ்வாய் இருபத்திநாலு, புதன் பதினாறு, வியாழன் பதினெட்டு, வெள்ளி இருபத்திரண்டு. மடியில் நோட்டு. சுவரைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"ஏய், இங்க வா. பச்சரிசிக்குப் பதினாறுல சரியா வந்திருக்குடி. புதன்கிழமையே சரியா வந்திருக்கு! நான் பாட்டுக்கு மாத்திட்டே இருந்திருக்கேன்."

"அப்போ புழுங்கலுக்கு?"

"பதினெட்டுல மூணு விதை. இருபத்திரண்டுல குழைஞ்சுது. நடுவுல இருபது." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ரெண்டுக்கும் ஒரே தண்ணியை ஊத்தி, ஒண்ணைத் திருத்த இன்னொண்ணைக் கெடுத்திருக்கேன். மடச்சி, மடச்சி!"

நோட்டை அவள் மடியிலிருந்து இறக்கவே இல்லை. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தன் சோற்றை இவ்வளவு கவனித்துப் பார்த்த ஒருத்தி இந்த உலகத்தில் இருக்கிறாள் என்பது அவளுக்கு என்னவோ செய்தது.

ஆனால் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு மணி நேரம்தான். நாலு மணிக்குப் புழுங்கலரிசி மூட்டை வந்தது. பழைய மூட்டையில் இரண்டு மூன்று டம்ளர்தான் மிச்சம். பெரியக்கா புது மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து, ஒரு மணியைக் கடித்தாள். பழைய அரிசி கடக்கென்று உடையும். இது பல்லுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. வாசனையும் வேறு.

"போச்சுடி. புது அரிசி. இந்த அறுவடை."

"அதனால என்ன?"

"புது அரிசி தண்ணி கம்மியாக் குடிக்கும். வடிக்கிறப்ப சீக்கிரம் வடிச்சிருவேன், முடிஞ்சுது. இப்ப எவ்வளவு குறைக்கணும்? யாரைக் கேக்கறது? நாளைக்குக் கமிட்டி!"

ஐந்தரைக்குப் புகார்ப் பெட்டி படியேறி வந்தாள். தோளில் பை, கையில் காலி டப்பா. சாப்பாட்டு அறையில் நோட்டைக் காணாமல் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியக்கா நோட்டோடு வந்து எதிரே நின்றதும் அவள் முகம் வெளுத்தது.

"அக்கா, நான் எழுதினது உங்களைக் கஷ்டப்படுத்தியிருந்தா..."

"உள்ள வாம்மா" என்றாள் பெரியக்கா. "ஒரு விஷயம் கேக்கணும். உன் கம்பெனியில புது மூட்டை மருந்துப் பொடி வந்தா, பழசு மாதிரி இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

அந்தப் பெண் சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். பையை இறக்கிக் கீழே வைத்தாள். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்க்கா. ஒரே பாத்திரம், ஒரே தீ, ஒரே நேரம். ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்துவோம். குட்டி குக்கர் இருக்கா?"

ஒரு குட்டி குக்கர் இருந்தது, ஐந்து லிட்டர். பழைய அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் மூன்று. கால் மணி நேரம், அடங்க விட்டு, திறந்தார்கள். நாத்தனார் சொன்ன மல்லிப்பூதான். அவள் அண்ணியைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள்.

"அப்படின்னா ஒண்ணுக்கு மூணு சரிதானே? பெருசுல மட்டும் ஏன் குழைஞ்சுது?" என்று கேட்டாள் பெரியக்கா.

"விசில் வர வரைக்கும் கொஞ்சம் தண்ணி ஆவியாப் போயிடும்க்கா. ஒரு டம்ளர் அரிசியில அது பெரிய விஷயம். ஆனா எட்டு டம்ளர் வச்சா, ஆவி எட்டு மடங்கா போறதில்ல. கொஞ்சம்தான் கூடப் போகும். நீங்க எட்டு மடங்கு ஊத்தினா மிச்சம் அரிசியிலதான் ஏறும். அதான் உங்க சுவத்துல மூணு மடங்கு இல்ல, ரெண்டரை வருது."

எட்டுக்கு இருபது. ரெண்டரைதான். பெரியக்கா வாயில் விரல் வைத்தாள்.

அடுத்தது புது அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் அதே மூன்று. குழைந்தது. மறுபடி ஒரு டம்ளர், இரண்டே முக்கால். திறந்ததும் மூன்று பேரும் ஆளுக்கொரு பருக்கையை எடுத்து நசுக்கினார்கள். சரியாக இருந்தது.

"அப்போ டம்ளருக்குக் கால் குறையுது. எட்டுக்கு ரெண்டு. இருபதுல ரெண்டு போனா..." பெரியக்கா நிறுத்தினாள். "பதினெட்டு. வியாழக்கிழமை விதை வந்த பதினெட்டு."

"அது பழைய அரிசிக்கு. இது புதுசுக்கு."

"எனக்குப் புத்தி சொல்லுதும்மா. கை கேக்க மாட்டேங்குது."

அதற்குள் வார்டன் அம்மா எட்டிப் பார்த்தார். கையில் ஒரு கிலோ பாஸ்மதிப் பொட்டலம். "கமிட்டிக்கு இது தனியா ஒரு கிண்ணம் இருக்கட்டும் பெரியக்கா. என் செலவு. பார்த்தா கொஞ்சம் மரியாதையா இருக்கும்." சொல்லிவிட்டு, அடுப்பைச் சுற்றி நின்ற மூன்று பேரையும், புகார்ப் பெட்டி முழங்கைவரை மடித்துவிட்ட சட்டையையும் பார்த்து, பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டு மெல்ல நகர்ந்தார்.

பொட்டலத்தின் பின்னால் ஒன்றுக்கு இரண்டு என்று இருந்தது. "இது திறந்த பாத்திரத்துக்குச் சொன்னது" என்றாள் அந்தப் பெண். "மூடி போட்டு ஆவியை அடைச்சா அவ்வளவு வேணாம்." "அரை மணி ஊறப் போட்டா அதுவே பாதி குடிச்சிருமே" என்றாள் பெரியக்கா. இப்போது அவளும் சொல்லிக்கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள். ஊறவைத்து, ஊறிய தண்ணீரைச் சுத்தமாக இறுத்துவிட்டு, டம்ளருக்கு ஒன்றேகால். மூன்று டம்ளருக்கு நாலில் கால் குறைவு. ஒரே ஒரு விசில், உடனே அணை. இரண்டு பேரும் பேசி வைத்த கணக்கு இது. பேசுகிறபோது யார் வாயிலிருந்து எது வந்தது என்றே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை. பச்சரிசிக்குப் பதினாறு, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். பாஸ்மதி ஊறிக்கொண்டிருந்தது. புழுங்கல் குக்கரில் பதினெட்டு ஊற்றியாயிற்று. பெரியக்கா பத்தொன்பதாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, ஊத்தாதீங்க."

"ஒண்ணே ஒண்ணுடி. விதை வந்துட்டா?"

"நேத்து மூணு பேரும் பார்த்தோமே."

"கமிட்டி ஆளுங்க பல்லு என்ன நேத்து பார்த்த பல்லா?" இரண்டு வீடு, ஒரு டம்ளர் தண்ணீர். வடிக்கிற காலமாக இருந்தால் இந்த ஒரு டம்ளரைப் பற்றி அவள் நினைத்தே பார்த்திருக்க மாட்டாள். கடைசியில் அந்தத் தண்ணீரை அவளே மடமடவென்று குடித்துவிட்டு மூடியைப் போட்டாள்.

விசில் வந்தது. தீயைக் குறைத்தாள். கால் மணி நேரம். அணைத்தாள். நாத்தனார் வெயிட்டைக் கரண்டியால் தூக்கப் போனாள், பெரியக்கா அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அதுவா அடங்கட்டும். உள்ள இருக்கிற ஆவியிலயும் வேகுதுடி." பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தில் பெரியக்கா ஒரு தடவைகூட உட்காரவில்லை. வெயிட் சத்தமில்லாமல் கீழே தளர்ந்தது. மூடியைத் திறந்தாள்.

ஆவி விலகியது. சோறு குக்கர் முழுக்க ஒரே மட்டமாக நின்றது. மேலே சிறு சிறு குழிகள். கரண்டியை ஓரமாக விட்டுப் புரட்டினாள், பருக்கை பருக்கையாகச் சரிந்தது. ஒன்றை எடுத்து நசுக்கினாள். விதை இல்லை. இன்னொன்று. இல்லை. பத்தையும் நசுக்கிப் பார்த்துவிட்டு, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்றாள்.

கமிட்டியிலிருந்து வந்தது ஒரு பெரியவரும் ஓர் அம்மாளும். பாஸ்மதி நீளம் நீளமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் வந்திருந்தது. அம்மாள் அதை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுப் புழுங்கலைத்தான் இரண்டாம் தடவை கேட்டார். சாப்பாட்டு அறையில் முப்பது பெண்கள் சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

கை கழுவிவிட்டு வந்த பெரியவர் ஆணியைப் பார்த்தார். நோட்டை எடுத்தார். அவர் உரக்கவே படித்தார். பசை. விதை. தீய்ந்த வாசனை. மறுபடி விதை. வெள்ளிக்கிழமைக்கும் அந்தப் பெண் எழுதிவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். களி.

"வாரம் முழுக்கப் புகார்தான் இருக்கு" என்றார் பெரியவர். "இன்னைக்கு ஒரு நாள் நல்லா இருந்தா போதுமா? யார் எழுதினது?"

ஒரு நாற்காலி நகர்ந்தது. புகார்ப் பெட்டி எழுந்து நின்றாள். அன்று அவளுக்கு விடுமுறை.

"நான்தான் சார். எல்லாம் உண்மை. இன்னைக்கு இன்னும் எழுதல. இப்ப எழுதறேன்." நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி, நின்றபடியே எழுதினாள். எழுதினதை அவளே வாசித்தாள். "புழுங்கல்: பத்தில் ஒன்றிலும் விதை இல்லை. பச்சரிசி: சரி. பாஸ்மதி: சரி. காரணம்: சமைப்பவர் புகாரைப் படித்து, ஒவ்வொரு நாள் தண்ணீரோடும் ஒப்பிட்டுத் திருத்தினார்."

பிறகு நிமிர்ந்து, "வெளிச்சாப்பாடு வந்தா நான் யாருக்கு சார் எழுதறது? யார் படிப்பாங்க?" என்று கேட்டாள்.

பெரியவர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் தன் காலித் தட்டைப் பார்த்தார். "நம்ம வீட்லயே இப்படி யாரும் திருத்திக்கறதில்ல" என்றார் அம்மாள். "சமையல் இங்கயே நடக்கட்டும்." வார்டன் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் தன் தட்டைக் கழுவப் போடச் சமையலறைக்கு வந்தாள். பெரியக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, வாய்க்கு வந்தது, "நல்லா இரும்மா" ஒன்றுதான்.

"நான் என்னக்கா பண்ணேன், எழுதினேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார், தொட்டியிலிருந்து திரும்பாமலே. "அண்ணி, பாத்திரம் கழுவறவ நான். இந்த வாரம் வந்த தட்டு, டப்பா எல்லாத்துலயும் பாதிச் சோறு இருந்துச்சு, குப்பையில கொட்டியே கை ஓஞ்சு போச்சு. இவ டப்பா மட்டும் ஒரு பருக்கை இல்லாம வந்துச்சு. அந்தப் பசை, அந்தக் களி, அந்த நறுக்கரிசி, எல்லாத்தையும்."

பெரியக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "அதை ஏம்மா தின்னே? எங்களாலயே முடியலயே!"

அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். "முழுசா சாப்பிடாம எப்படிக்கா எழுதறது? மேலே ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எழுதினா அது பொய்யாயிடும். உங்களுக்கு உதவாதே."

பெரியக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நல்ல சோற்றை எத்தனையோ பேர் தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். கெட்ட சோற்றை ஒரு வாரம் முழுக்க அவளுக்காகத் தின்றவள் இவள் ஒருத்திதான். அழுதுகொண்டே அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொடுத்து, அவளை முக்காலியில் உட்காரவைத்து, இன்னொரு தட்டில் சோறு போட்டாள்.

"எனக்கு வயிறு நிறைஞ்சுடுச்சுக்கா."

"நிறையட்டும். இதை எழுதறதுக்காகத் தின்ன வேணாம். சும்மா தின்னு."